கூழ் வார்த்தலும் கஞ்சிப் பிரார்த்தனையும்: டர்பனில் இயந்திரத் தமிழ்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஆடி பிறந்தால் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் என்று தமிழர்கள் வாழும் பகுதிகளில் ஏதாவதொரு மாரியம்மன் கோயிலில் கூழ் இருக்கும். ஊரில் ஆடி வெயிலும் காற்றுமாக இருக்கும்போது இங்கே குளிர்காலம். ஊரில் கேழ்வரகிலோ கம்பிலோ காய்ச்சுவதை இங்கே மக்காச்சோள மாவில் காய்ச்சுகிறார்கள். தயிர் விட்டு, வெங்காயமும் பச்சைமிளகாயும் அரிந்து போட்டால் ருசிக்கு ஒன்றும் குறைவில்லை. இதற்கு இங்குள்ளவர்கள் சொல்லும் பெயர் 'போரிஜ் பிரேயர்'. வீட்டில் இங்கிலீஷ் பேசி வளர்ந்த தலைமுறைகளுக்கு வேறு பெயர் தெரியாது.

கோயில் கமிட்டிக்காரர்கள் அறிவிப்பை இங்கிலீஷில்தான் எழுதுகிறார்கள். அதன் கீழே தமிழிலும் போடவேண்டும் என்பது பல கோயில்களில் மரபு. முன்பெல்லாம் தமிழ்ப்பள்ளியில் சொல்லிக்கொடுத்த பெரியவர் யாராவது எழுதிக்கொடுப்பார். இப்போது இங்கிலீஷ் அறிவிப்பைக் கைப்பேசியில் ஒட்டினால் ஒரு நொடியில் தமிழ் வந்துவிடுகிறது. எழுத்துப்பிழை இருக்காது, இலக்கணமும் அநேகமாகச் சரியாகவே இருக்கும். ஆனாலும் இலங்கையிலிருந்தோ தமிழ்நாட்டிலிருந்தோ வந்த குருக்கள் அதைப் படித்துவிட்டு, "இதை யார் எழுதினது?" என்று கேட்பார். எழுத்தில் எதைப் பார்த்து அவருக்கு அந்தச் சந்தேகம் வருகிறது என்பதைத்தான் இந்தக் கட்டுரை சொல்லப்பார்க்கிறது.

கூழ் வார்க்கும் அறிவிப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். டர்பன் இங்கிலீஷில் வழக்கமாக எழுதுகிற மாதிரி எழுதி இயந்திரத்தில் போட்டால், பெரும்பாலும் இந்த வகையில் ஒன்று வரும்:

"மாரியம்மன் கஞ்சி பிரார்த்தனைகள் இந்த ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணிக்கு எங்கள் கோவிலில் நடைபெறும். அனைவரும் கலந்துகொள்ள அன்புடன் வரவேற்கப்படுகிறார்கள். பக்தர்கள் இந்தக் காலகட்டத்தில் தங்கள் உண்ணாவிரதத்தைக் கடைப்பிடிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். தயவுசெய்து உங்கள் சொந்த கொள்கலன்களைக் கொண்டு வாருங்கள். நீங்கள் பால் நன்கொடையாக வழங்க விரும்பினால், தயவுசெய்து செயலாளரைத் தொடர்பு கொள்ளவும். அவளது எண் கீழே கொடுக்கப்பட்டுள்ளது."

தமிழ் எழுதிப் பழகிய ஒருவர் இங்கிலீஷைப் பார்க்காமல், விஷயத்தை மட்டும் கேட்டுக்கொண்டு எழுதினால் இப்படி வரும்:

"வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணிக்கு நம் கோயிலில் அம்மனுக்குக் கூழ் வார்க்கிறோம். எல்லாரும் குடும்பத்தோடு வந்து அம்மன் அருள் பெறவேண்டும். அதுவரை கவுச்சி தவிர்த்து விரதம் இருங்கள். கூழ் வாங்கிப்போகப் பாத்திரம் கொண்டுவந்துவிடுங்கள். பால் கொடுக்க நினைப்பவர்கள் சனிக்கிழமைக்குள் செயலாளர் அம்மாவிடம் சொல்லிவிட்டால் நல்லது. அவர் எண் கீழே இருக்கிறது."

முதலில் கண்ணில் படுவது கஞ்சிப் பிரார்த்தனைதான். இயந்திரம் இங்கே எதையும் தவறாகப் புரிந்துகொண்டதாகச் சொல்லமுடியாது. 'போரிஜ்' என்றால் கஞ்சி, 'பிரேயர்' என்றால் பிரார்த்தனை. ஆனால் அந்த இங்கிலீஷ் முதலிலிருந்தே இங்கிலீஷ் இல்லை. 1860 நவம்பரில் 'ட்ரூரோ' கப்பலில் சென்னையிலிருந்து வந்து இறங்கியவர்களும், அவர்களுக்குப் பின்னால் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்களும் செய்த கூழ் வார்த்தலை, அவர்கள் பேரப்பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்த இங்கிலீஷில் மாற்றி வைத்தார்கள். சாமி கும்பிடுவது, பூசை, படையல், பொங்கல் வைப்பது எல்லாமே 'பிரேயர்' என்ற ஒரே சொல்லுக்குள் போய்விட்டன. அந்தச் சொல்லுக்குள் ஒடுங்கிக் கிடக்கும் தமிழை வெளியே எடுக்க, அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருக்கவேண்டும். லண்டனிலும் டெல்லியிலும் எழுதப்பட்ட இங்கிலீஷைப் படித்துப் பழகிய இயந்திரத்துக்கு அது தெரிய வழியில்லை. 'பிரார்த்தனை' என்றதும் வாசிப்பவருக்கு மாதா கோயில் நினைவு வருகிறது. 'கஞ்சி' என்றதும் ரமலான் நோன்புக் கஞ்சியோ காய்ச்சல்காரருக்குக் கொடுக்கும் கஞ்சியோ நினைவு வருகிறது. மாரியம்மனைக் காணோம்.

விரதத்திலும் இதே கதைதான். டர்பனில் ஒருவர் 'நான் ஃபாஸ்டிங்' என்றால் மாமிசம் சாப்பிடுவதில்லை என்றுதான் பொருள். புரட்டாசி முழுக்க 'ஃபாஸ்டிங்' இருப்பவர்கள் மூன்று வேளையும் நன்றாகவே சாப்பிடுவார்கள். இயந்திரம் அதை உண்ணாவிரதம் ஆக்கிவிடுகிறது. இன்றைய தமிழில் உண்ணாவிரதம் என்றால் பந்தல் போட்டு, கோரிக்கை வைத்து, உட்காருகிற போராட்டம்தான் முதலில் தோன்றும். கொள்கலனோ இன்னும் வேடிக்கை. கப்பலில் ஏற்றுகிற இரும்புப் பெட்டிக்குத்தான் செய்தித்தாள்களில் அந்தச் சொல் அதிகம் வருகிறது. டர்பன் துறைமுகத்தில் மலைபோல அடுக்கி வைத்திருப்பதை ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு கூழ் வாங்க வரச்சொன்ன மாதிரி இருக்கிறது.

சிரிக்க முடியாத இடமும் உண்டு. இங்கே ஒரு வீட்டில் சாவு விழுந்தால், பதினாறாம் நாள் காரியத்தை 'சிக்ஸ்டீன் டேஸ் செரிமனி' என்று சொல்லி உறவினர்களுக்குச் செய்தி அனுப்புவார்கள். அந்தச் 'செரிமனி' தமிழில் விழாவாகவே வர வாய்ப்பு அதிகம், ஏனென்றால் இயந்திரம் பழகிய வாக்கியங்களில் பட்டமளிப்பும் பரிசளிப்பும் திறப்பும்தான் மிகுதி. 'எங்கள் மறைந்த தாயின் 16 நாட்கள் விழா' என்று ஒரு செய்தி வந்தால், அனுப்பியவர் துக்கத்தில் இருக்கிறார் என்று தெரிந்தவருக்கும் வயிறு கலங்கும். 'சடங்கு' என்று வந்தாலும் முழுத் தப்பித்தல் இல்லை. பல ஊர்க்காரர்களுக்குச் சடங்கு என்றால் பெண் பெரியவளான சடங்குதான்.

இவையெல்லாம் சொல் தவறுகள். இவற்றைத் திருத்துவது சுலபம். கஞ்சியை எடுத்துவிட்டுக் கூழைப் போட்டு, கொள்கலனைப் பாத்திரமாக்கி, விழாவைக் காரியமாக்கினாலும் அந்த அறிவிப்பு தமிழன் எழுதியதுபோல் ஆகிவிடாது. மீதிக் கோளாறு சொல்லில் இல்லை, வாக்கியத்தில் இருக்கிறது. அதைப் பிடிக்க நான் முதலில் பார்ப்பது 'எங்கள்' என்ற ஒரு சொல்லை.

தமிழில் கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் நாம், நம். கேட்பவரை விட்டுவிட்டுச் சொன்னால் நாங்கள், எங்கள். இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். ஆகவே இங்கிலீஷ் வாக்கியத்தை எத்தனை முறை உற்றுப்பார்த்தாலும் எது வேண்டும் என்பதற்கு விடை அங்கே கிடையாது. எழுதுகிறவர் யார், படிக்கிறவர் யார், கோயில் யாருடையது என்று தெரிந்தால்தான் தேர்ந்தெடுக்கமுடியும். இயந்திரம் எது அதிகம் வருமோ அதைப் போடுகிறது. பெரும்பாலும் அது 'எங்கள்'தான், ஏனென்றால் அது படித்த இங்கிலீஷ்–தமிழ் இணை வாக்கியங்களில் கம்பெனிகள் வாடிக்கையாளரிடமும் அரசு மக்களிடமும் பேசுவது நிறைய. எங்கள் நிறுவனம், எங்கள் சேவை, எங்கள் கொள்கை என்ற தொனி அப்படியே கோயில் வாசலுக்கு வந்துவிடுகிறது. தாத்தா காலத்திலிருந்து அந்தக் கோயிலுக்கு வருகிறவரிடம் 'எங்கள் கோவிலுக்கு வரவேற்கிறோம்' என்று எழுதிவைத்தால், அவர் விருந்தாளி ஆகிவிடுகிறார்.

துக்கச் செய்தியில் 'எங்கள் தாய்' என்று வந்ததே, அங்கே அது சரி. அம்மா அந்தப் பிள்ளைகளுக்குத்தான் அம்மா. இயந்திரம் யோசித்துச் சரியாகப் போட்டது என்று அதற்கு அர்த்தமில்லை; எப்போதும் போடுவதையே போட்டது, அங்கே பொருந்திப்போயிற்று. மூன்று நான்கு பத்தி நீளமுள்ள எழுத்தில் 'நம்' வரவேண்டிய இடத்தில் நம்மும் 'எங்கள்' வரவேண்டிய இடத்தில் எங்களும் மாறாமல் வந்திருந்தால், யாரோ ஒருவர் மனத்தில் வாசகரை வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார் என்று ஓரளவு நம்பலாம்.

மரியாதையும் இதே இனம். செயலாளர் ஒரு பெண் என்பது இங்கிலீஷில் அடுத்த வாக்கியத்தில்தான் தெரிகிறது. முதல் வாக்கியத்தில் 'செயலாளரை' என்று மரியாதையாகத் தொடங்கிய இயந்திரம், அடுத்ததில் 'அவளது எண்' என்கிறது. ஒரே ஆளை ஒரு வரிக்குள் மரியாதையிலிருந்து இறக்கிவிட்டது. பல மொழிபெயர்ப்புப் பொறிகள் வாக்கியம் வாக்கியமாக வேலை செய்வதுதான் இதற்குக் காரணம். முந்தைய வாக்கியத்தில் என்ன தேர்ந்தெடுத்தோம் என்ற நினைவு அடுத்ததற்குப் போவதில்லை. ஒரே பக்கத்தில் வாருங்களும் வரவும், கோவிலும் கோயிலும், சில சமயம் நீயும் நீங்களும்கூடக் கலந்து வருவது இதனால்தான். மனிதர்களும் இடறுவார்கள், ஆனால் கோயில் செயலாளரை 'அவள்' என்று எழுதத் தமிழ்க் கை லேசில் வராது.

ஜூலு மொழியிலிருந்து தமிழுக்கு மாற்றினால் இது இன்னும் நன்றாகத் தெரியும். ஜூலுவில் அவன், அவள் என்று ஆண்பெண் பிரிவு இல்லை. தமிழிலும் 'அவர்' என்றால் இருபாலருக்கும் ஆகும். இரண்டு மொழியும் நேராகக் கைகோத்திருந்தால் சிக்கலே இல்லை. ஆனால் ஜூலு–தமிழ் இணை வாக்கியங்கள் கிடைப்பது அரிது என்பதால் மொழிபெயர்ப்பு வழக்கமாக இங்கிலீஷைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. இங்கிலீஷில் ஆணா பெண்ணா என்று ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். அங்கே ஊகித்துப் போட்டது தமிழில் 'அவன்' என்றோ 'அவள்' என்றோ இறங்குகிறது. மூலத்திலும் இல்லாத, தமிழுக்கும் தேவைப்படாத ஒரு தகவல் நடுவில் முளைக்கிறது.

அடுத்தது வினை. மனிதர் எழுதிய தமிழ் அறிவிப்பில் 'கொண்டுவந்துவிடுங்கள்', 'சொல்லிவிட்டால் நல்லது' என்று வந்திருப்பதைப் பாருங்கள். அந்த 'விடு'வுக்கு இங்கிலீஷில் சொல் இல்லை. மறக்காமல், தள்ளிப்போடாமல், அதோடு வேலை முடிந்தது என்பதெல்லாம் அதற்குள் இருக்கிறது. எடுத்துக்கொள், போட்டுவை, வந்துசேர், சொல்லித்தொலை என்று துணைவினைகளை வைத்துத்தான் தமிழில் அக்கறை, சலிப்பு, அவசரம் எல்லாவற்றையும் காட்டுகிறோம். தான், ஆவது, கூட, ஏ, ஓ போன்ற இடைச்சொற்களும் அப்படியே. 'நாளைக்காவது வா' என்பதில் உள்ள ஏக்கத்தை 'ஆவது' தாங்குகிறது. மூல இங்கிலீஷில் இவற்றுக்கு நேரான சொல் எதுவும் நிற்காததால், மொழிபெயர்ப்பில் இவை தானாக முளைப்பது குறைவு. அவற்றின் இடத்தை 'தயவுசெய்து' பிடித்துக்கொள்கிறது. மேலே உள்ள ஆறு வாக்கிய இயந்திர அறிவிப்பில் தயவுசெய்து இரண்டு முறை. ஒரு 'விடு' இல்லை, ஒரு 'தான்' இல்லை. தமிழில் மரியாதை 'ங்கள்' விகுதியிலேயே வந்துவிடுகிறது. அதற்கு மேல் தயவுசெய்து போட்டால் கெஞ்சலோ எச்சரிக்கையோதான் கேட்கும்.

'வரவேற்கப்படுகிறார்கள்', 'கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்ற செயப்பாட்டு வினையைப் பார்த்ததும் பலர் இது இயந்திரம் என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். இந்தத் தமிழ் இயந்திரம் பிறக்கும் முன்பே இருந்தது. அரசாணை, ரயில் நிலைய அறிவிப்பு, வங்கிப் படிவம், செய்தி நிறுவனச் செய்தி எல்லாம் இங்கிலீஷை வரிக்கு வரி மாற்றி மனிதர்கள் எழுதியவை. இணை வாக்கியங்கள் வேண்டும் என்று தேடியவர்களுக்கு எளிதில் கிடைத்ததும் அந்தத் தமிழ்தான், ஏனென்றால் இரண்டு மொழியிலும் ஒரே விஷயம் இருப்பது அங்கேதான் அதிகம். டீக்கடைப் பேச்சுக்கும் திண்ணைக் கதைக்கும் இங்கிலீஷ் இணை யார் எழுதி வைத்தார்கள்? இயந்திரம் அந்த அலுவலகத் தமிழைக் கற்றுக்கொண்டு, கூழுக்கும் கருமாதிக்கும் அதையே பேசுகிறது. ஆகவே செயப்பாட்டு வினை மட்டும் சாட்சி ஆகாது. ஒற்று மிகாததும் அப்படித்தான். 'சொந்த கொள்கலன்' என்று இயந்திரம் விடுவதைப்போல் நம்மில் பாதிப்பேர் விடுகிறோம்.

2011 ஜூனில் கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ் சேர்ந்தபோது அதன் வாக்கியங்கள் குப்புற விழுந்து கிடக்கும். எழுவாய் ஒருபக்கம், வினை ஒருபக்கம். பார்த்த உடனே யாருக்கும் தெரியும். துண்டு துண்டான சொற்றொடர்களைப் புள்ளிவிவரப்படி ஒட்டுகிற முறை அது. 2017 ஏப்ரலில் தமிழுக்கும் நரம்பியல் வலையமைப்பு முறை வந்தது. முழு வாக்கியத்தையும் ஒன்றாக உள்வாங்கி, சொற்களைச் சிறு துண்டுகளாக உடைத்து, அடுத்த துண்டு எதுவாக இருக்கும் என்று கணித்துக்கொண்டே போகும் முறை. அதன்பின் விகுதிகளும் வேற்றுமை உருபுகளும் ஒழுங்காக வந்தன, வாக்கியம் நிமிர்ந்து நின்றது. டர்பனைப் போன்ற ஊருக்கு இதில்தான் சங்கடம். தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள் ஓரளவு இருக்கிறார்கள், படித்ததை எடைபோடத் தெரிந்தவர்கள் குறைவு. பழைய உளறலை அவர்களே பிடித்துவிடுவார்கள். நிமிர்ந்து நிற்கும் வாக்கியம் அவர்களைத் தாண்டிப் பேனருக்குப் போய்விடுகிறது.

1903இல் டர்பனில் தொடங்கிய 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகை இங்கிலீஷ், குஜராத்தி, இந்தி, தமிழ் என நான்கு மொழியில் வந்தது. தமிழுக்கும் இந்திக்கும் ஆசிரியர்களும் அச்சுக்கோப்பவர்களும் கிடைக்காமல் 1906இல் அந்தப் பகுதிகளை நிறுத்தினார்கள். அன்றைக்குத் தமிழ் தெரிந்த ஆள் இல்லையென்றால் தமிழ்ப் பக்கமும் இல்லை. ஆள் இல்லாமலே பக்கம் வருவது இந்தக் காலத்துப் புதுமை.

தூய்மையைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. டர்பனில் பிறந்த ஒரு பாட்டி தன் பேத்திக்கு, "சண்டே காலையில போரிஜ் பிரேயர் இருக்கு, நீயும் வந்துடு, போன வருசம் மாதிரி லேட்டாக்கிடாதே" என்று குரல் செய்தி அனுப்பினால், தமிழ் ஆர்வலர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். சொல்லுக்குச் சொல் எண்ணினால் இயந்திர அறிவிப்பில் ஓர் இங்கிலீஷ் சொல்கூட இல்லை. பாட்டி செய்தியில் முக்கியமான பெயரெல்லாம் இங்கிலீஷ். ஆனால் பாட்டியின் வாக்கியத்தில் 'வந்துடு' இருக்கிறது, 'ஆக்கிடாதே' இருக்கிறது, 'நீயும்' என்பதில் உள்ள உம் இருக்கிறது. அவர் தமிழ்ச் சட்டகத்தில் இங்கிலீஷ் சொற்களைப் பொருத்துகிறார். இயந்திரம் இங்கிலீஷ் சட்டகத்தில் தமிழ்ச் சொற்களைப் பொருத்துகிறது. எது தமிழுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று என்னைக் கேட்டால் பாட்டியைத்தான் காட்டுவேன்.

பெயர்களில் இந்த ஊருக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. இங்கே முதலி 'மூட்லி' ஆகிவிட்டது, கவுண்டர் 'கவெண்டர்' ஆகிவிட்டது, நாயுடு 'நாய்டூ'. கப்பல் பதிவேட்டில் வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய இங்கிலீஷ் எழுத்துக்கூட்டல் அது. இயந்திரம் அந்த எழுத்துக்கூட்டலை உச்சரித்துத் தமிழில் எழுதுகிறது, அதுவும் இடத்துக்கு ஒரு விதமாக. தமிழில் எழுதுகிற மனிதர் மூட்லி என்றே விடுவதா, முதலி என்று திருப்பி எழுதுவதா என்று குடும்பத்தைக் கேட்டு முடிவெடுப்பார். இரண்டில் எதுவும் தவறில்லை. ஒரே நன்கொடையாளர் பட்டியலில் மூட்லி, மூடிலே, மூட்லே மூன்றும் வந்தால் கேட்க ஆள் இல்லை என்று அர்த்தம்.

நேரம், இடம், தொலைபேசி எண், தண்ணீர் வராத நாள் போன்ற வெறும் தகவலுக்கு இயந்திரத் தமிழ் போதும். அதை நான் குறைசொல்லப்போவதில்லை. புதிதாக வந்துள்ள பெரிய மொழி மாதிரிகள் ஒரு முழு அறிவிப்பையும் சேர்த்துப் பார்ப்பதால், 'அவள்' போன்ற இடறல்கள் அவற்றில் குறைவு. ஆனால் கோயில் யாருடையது, படிப்பவர் யார் என்று யாரும் சொல்லாவிட்டால் நம்மா எங்களா என்பது அவற்றுக்கும் ஊகம்தான்.

கமிட்டிகளில் இப்போது ஒரு சோதனைமுறை பரவியிருக்கிறது. வந்த தமிழை மறுபடி இயந்திரத்திலேயே போட்டு இங்கிலீஷாக்கிப் பார்ப்பது. மூலம் மாதிரியே வந்தால் தமிழும் சரி என்று எடுத்துக்கொள்கிறார்கள். இது ஏமாற்றும் சோதனை. 'கஞ்சி பிரார்த்தனைகள்' திரும்பிப் போனால் அச்சு அசலாகப் 'போரிஜ் பிரேயர்ஸ்' என்றே வரும், ஏனென்றால் போன பாதையிலேயே திரும்புகிறது. பெரியவர் எழுதிய 'அம்மனுக்குக் கூழ் வார்க்கிறோம்' திரும்பும்போது 'அம்மனுக்குக் கஞ்சி ஊற்றுகிறோம்' என்ற பொருளில் ஏதோ ஓர் இங்கிலீஷ் வரும். தமிழ் தெரியாத கமிட்டித் தலைவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரியவர் எழுதியதைத்தான் தவறு என்று அடிப்பார். சோதிக்கவேண்டுமானால் தமிழ் மட்டும் உள்ள தாளைத் தமிழ் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, மூலத்தைக் காட்டாமல், இரண்டு கேள்வி கேட்டால் போதும்: இதை யார் யாரிடம் சொல்கிறார்கள், அன்றைக்கு அங்கே என்ன நடக்கப்போகிறது. இயந்திர அறிவிப்பைப் படித்தவர் ஏதோ ஒரு நிறுவனம் கஞ்சியை வைத்து ஜெபக்கூட்டம் நடத்துவதாகச் சொன்னால், அந்தத் தாளை அச்சுக்குக் கொடுக்கவேண்டாம்.